பெரியவர்கள் சைக்கிள் பழகும்போது செய்யும் தவறுகளும், ஒவ்வொன்றையும் உடனே சரிசெய்யும் வழியும்

என் சித்திக்கு 47 வயதில் சைக்கிள் பழக வேண்டும் என்று தோன்றியது. தினமும் காலையில் சித்தப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார், சித்தி மிதிப்பார், அவர் கையை விட்டதும் பத்தடி போவதற்குள் சைக்கிள் சாய்ந்துவிடும். இப்படியே மூன்று வாரம் போயிருக்கிறது. நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். சித்திக்குப் பயம் இருந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பயத்துக்கு நல்ல காரணமும் இருந்தது. சீட் உயரமாக இருந்தது, பின்னால் ஒரு கை பிடித்திருந்தது, ஹேண்டில் தப்பான பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது, கண் முன் சக்கரத்தை விட்டு நகரவே இல்லை. எல்லாம் சேர்ந்தால் யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தோம். ஆறாவது நாள் காலை யாரும் பிடிக்காமல் மைதானத்தை முழுதாகச் சுற்றி வந்தார்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், முப்பது வயதுக்காரரும் உண்டு, அறுபதை நெருங்கியவரும் உண்டு. எல்லோரும் கிட்டத்தட்ட இதே தவறுகளைத்தான், இதே வரிசையில்தான் செய்கிறார்கள். அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள், ஒன்று சரியானால்தான் அடுத்தது வேலை செய்யும்.

முதல் தவறு: ஓட்டத் தெரிந்தவருக்கு வைக்கிற உயரத்தில் சீட்டை வைப்பது

கடையில் சைக்கிள் வாங்கினால் நம் உயரத்தைப் பார்த்து, பெடல் கீழே இருக்கும்போது கால் ஓரளவு நீளுகிற மாதிரி சீட்டை வைத்துத் தருவார்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு அது சரியான உயரம். பழகுபவருக்கு அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையைத் தொடும், சைக்கிள் லேசாகச் சாய்ந்தாலே ஊன்ற முடியாது. ஊன்ற முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் தோளும் கையும் தானாக இறுகிவிடும், அதற்குமேல் என்ன சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது.

சின்ன வயதில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களை நினைத்துப் பாருங்கள். பாருக்குக் கீழே ஒரு காலை விட்டு, சீட்டில் உட்காராமலே, தரைக்குப் பக்கத்திலேயே உடம்பை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். சாய்ந்தால் கால் உடனே தரையில் இருக்கும். சைக்கிள் அவர்களைவிடப் பெரியதாக இருந்தும் அவர்கள் பழகியதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

சரிசெய்ய: சீட்டில் நன்றாக உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியும் இருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். கடைசி வரை இறக்கியும் பாதம் படியவில்லை என்றால் அந்தச் சைக்கிள் பழகுவதற்கு ஆகாது, வீட்டிலோ பக்கத்திலோ சின்ன சைக்கிள் இருந்தால் கடன் வாங்குங்கள். நடுவில் குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஆண்களுக்கும் பழக வசதியானது, ஏனென்றால் பயந்து இறங்கும்போது காலில் எதுவும் இடிக்காது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் பலர் பழகியது கனமான ஆண்கள் சைக்கிளில்தான். ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை, ஆனால் தேர்வு செய்ய வாய்ப்பு இருக்கும்போது எளிதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். புல்தரையும் மணலும் விழுந்தால் வலிக்காது என்று பலர் அங்கே போகிறார்கள், ஆனால் சக்கரம் அதில் உருளாது. கெட்டியான சிமெண்ட் அல்லது தார்த் தரை வேண்டும். ஒரு கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அந்த அளவு இடம் கிடைத்தால் தாராளம். டயரில் காற்று நிறைய இருக்கட்டும், கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிவிடுங்கள், பேண்ட் வலது காலில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள், செயின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தலைசுற்றல், எலும்புத் தேய்மானம், மூட்டு அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இரண்டாவது: பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவது

நம் ஊரில் சைக்கிள் பழக்குவது என்றாலே இதுதான். ஆனால் சித்தப்பா கேரியரைப் பிடித்திருக்கும்போது சைக்கிளை நேராக வைத்திருந்தது சித்தப்பாதான். சித்தி மூன்று வாரமாகப் பழகியது மிதிப்பதை மட்டுமே, அது யாருக்கும் பழகவே தேவையில்லாத விஷயம். சமநிலையைப் பிடிக்கிற வேலை ஒருநாள்கூட அவர் உடம்புக்கு வரவில்லை. ஓரத்தில் குட்டிச் சக்கரம் மாட்டுவதும் இதே கதைதான், சைக்கிள் சாயவே சாயாது என்றால் சாய்வதைச் சரிசெய்ய எங்கே கற்றுக்கொள்வது?

சரிசெய்ய: பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 15 எம்எம் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் இப்படி நினைவு வையுங்கள்: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின் சக்கரம் இருக்கும் பக்கமாக இழுத்தால் இரண்டு பக்கமும் கழலும். அதைக் கவனிக்காமல் இடதுபக்கம் பலம் போட்டுத் திருப்பி இன்னும் இறுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். துருப்பிடித்து அசையவில்லை என்றால் சைக்கிள் கடையில் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

இப்போது சைக்கிளில் உட்கார்ந்து காலால் தரையைத் தள்ளிக்கொண்டு நடங்கள். முதல் நாள் நடை மட்டும் போதும். உட்கார்ந்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பத்துப் பதினைந்து தடவை. நடக்கும்போதே பிரேக்கையும் பழகிவிடலாம், அதைக் கீழே சொல்கிறேன். நடை சுலபமானதும் எட்டை நீளமாக்குங்கள், அப்புறம் இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் உந்தி, இரண்டையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. சாய்ந்தால் கால் தரையில் இருக்கிறது, அவ்வளவுதான். லேசான சரிவு கிடைத்தால் இன்னும் நல்லது. பிரேக்கை விட்டதும் சைக்கிள் மெல்லத் தானாக உருள ஆரம்பிக்க வேண்டும், அதற்குமேல் செங்குத்து வேண்டாம், சரிவு முடிகிற இடத்தில் நல்ல சமதரையும் இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் இருக்கட்டும், ஆனால் ஹேண்டிலையும் கேரியரையும் தொடக் கூடாது. பழகுபவரின் முதுகில், தோளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூட நடக்கலாம், அவ்வளவு போதும். சித்தப்பாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, சைக்கிள் சாயும்போதெல்லாம் கை தானாகக் கேரியருக்குப் போய்விடும்.

மூன்றாவது, இதுதான் பெரியது: விழும் பக்கத்துக்கு எதிராக ஹேண்டிலைத் திருப்புவது

காலைத் தூக்கி உருள ஆரம்பித்ததும் இது வெளியே தெரியும். சைக்கிள் இடது பக்கம் சாய்கிறது, பயத்தில் கை ஹேண்டிலை வலது பக்கம் திருப்புகிறது. விழுவதிலிருந்து விலகிப் போக வேண்டும் என்றுதான் மனம் சொல்லும், ஆனால் அப்படித் திருப்பினால் விழுவது இன்னும் வேகமாகிவிடும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, ஒரு விளக்குமாற்றையோ நீளமான குச்சியையோ உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். குச்சி இடது பக்கம் சாய்ந்தால் கையை எந்தப் பக்கம் கொண்டுபோவீர்கள்? இடது பக்கம்தான். குச்சியின் அடி அதன் தலைக்குக் கீழே வந்தால்தான் அது மறுபடி நிமிரும். சைக்கிளில் நீங்கள்தான் அந்தக் குச்சி, சக்கரங்கள்தான் அந்தக் கை. உடம்பு இடது பக்கம் சாய்ந்தால் சக்கரமும் இடது பக்கம் ஓடி உங்களுக்கு அடியில் வர வேண்டும், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால்தான் அது வரும். சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். அதனால்தான் அவர்களால் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாமல் "பேலன்ஸ் பண்ணு, பேலன்ஸ் பண்ணு" என்று மட்டும் கத்துகிறார்கள். அதைக் கேட்டுப் பழகுபவர் என்ன செய்வார்? இடுப்பை வளைப்பார், முழங்காலை விரிப்பார். அது எதுவும் அவ்வளவாக உதவாது.

சரிசெய்ய: ஒரே ஒரு வாக்கியம்தான். சாயும் பக்கமே ஹேண்டில். சித்தியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உருளச் சொன்னேன். முதலில் வேண்டுமென்றே செய்து பழக வேண்டும். காலால் தள்ளி உருளும்போது உடம்பை லேசாக இடது பக்கம் சாய விடுங்கள், ஹேண்டிலையும் இடது பக்கம் கொஞ்சம் திருப்புங்கள், சைக்கிள் நிமிர்ந்து எழுவது தெரியும். அடுத்து வலது பக்கம். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மைதானத்தின் நீளத்துக்கும் போங்கள். எவ்வளவு திருப்புவது என்ற கேள்வி வரும். மெதுவாகப் போகும்போது அதிகமாக, வேகமாகப் போகும்போது மிகக் கொஞ்சமாக. ஒரேயடியாகத் திருப்பிவிட்டால் சைக்கிள் மறுபக்கம் சாயும், அப்போது அந்தப் பக்கம் திருப்பினால் போதும், அதுவும் பயிற்சிதான்.

இதற்குக் கை தளர்ந்திருக்க வேண்டும். முழங்கையை நேராக நீட்டிப் பூட்டிவிட்டால் ஹேண்டில் அசையாது, உடம்பின் ஒவ்வொரு அசைவும் நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கை மடங்கி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பிடி இறுகிவிட்டதா என்று தெரிய, உருளும்போதே ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி விரல்களை அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் இறுகியிருக்கிறது. உள்ளங்கை சிவந்து வலித்தாலும் அதுதான் காரணம்.

சித்திக்கு முதல் நாள் நடையோடு முடிந்தது. இரண்டாம் நாள் இரண்டு நொடிக்கு மேல் உருள முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் ஹேண்டில் எதிர்ப்பக்கம்தான் போனது. மூன்றாம் நாள் காலை நான்காவது உருட்டலிலோ ஐந்தாவதிலோ சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தது, கை வலது பக்கம் போனது, சைக்கிள் எழுந்தது. சித்தி காலை ஊன்றி நின்று, "இப்ப என்னடா ஆச்சு?" என்றார். "சாயுற பக்கம் திருப்பினீங்க சித்தி" என்றேன். அதன் பிறகு அன்றைக்கே ஐந்து நொடி வரை போய்விட்டார்.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். களைத்த பிறகு கை மறுபடி பழைய பக்கமே போகும், தப்பையே பயிற்சி செய்கிற மாதிரி ஆகிவிடும். உடம்பு கற்றுக்கொண்டதைத் தூக்கத்தில் மூளை உறுதிப்படுத்திக்கொள்கிறது, அதனால் முந்தைய நாள் வராதது மறுநாள் காலையில் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பழகுவதைவிடத் தினமும் அரை மணி நேரம் பழகுவது நல்லது.

நான்காவது: முன் சக்கரத்தைப் பார்ப்பது

இதை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கண் கீழே இருந்தால் தலை கவிழும், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பது தாமதமாகத்தான் தெரியும். அதோடு, எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே கை போகும், அந்தக் கல்லில் இடித்துவிடக் கூடாது என்று கல்லையே பார்த்தால் நேராகக் கல்லில்தான் போய் முட்டுவோம்.

சரிசெய்ய: பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி கண் மட்டத்தில் ஒரு பொருளைத் தேர்வு செய்யுங்கள், மரம், கம்பம், நிற்கிற ஆள் எதுவானாலும் சரி. பழக்குகிறவர் எதிரே நின்று விரல்களைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம், பதில் சொல்வதற்காகவாவது தலை நிமிர்ந்துவிடும்.

ஐந்தாவது: மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைப்பது

காலைத் தூக்கி, ஐந்து நொடி உருளுவது தொடர்ந்து மூன்று தடவை வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். அதற்கு முன்னால் மாட்டாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மாட்டும்போது பெடலில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள், இடது வலது மாறிவிட்டால் மரை கெட்டுவிடும். முதலில் கையாலேயே திருகுங்கள், சுலபமாக ஏறினால் சரியான பக்கம்.

பெடல் வந்ததும் எல்லோரும் மெல்ல, பயந்து பயந்து மிதிப்பார்கள். வேகம் இல்லாத சைக்கிளில் சக்கரத்தை உங்களுக்கு அடியில் கொண்டுவர ஹேண்டிலைப் பெரிதாகத் திருப்ப வேண்டியிருக்கும், அதை இன்னும் உங்களால் செய்ய முடியாது. மெல்லோட்டம் ஓடுகிறவரின் வேகம் வந்துவிட்டால் சின்னத் திருப்பலே போதும். ஆக, முதல் மிதி பலமாக விழ வேண்டும், பெரிய ரகசியம் அதில்தான் இருக்கிறது.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கால் பழக்கமானவர் என்றால் வலது பெடலை அடியில் கால் விரலை மாட்டி பின்பக்கமாகச் சுற்றி மேலே கொண்டுவாருங்கள். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் இரண்டு மணியைக் காட்டுகிற இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மிதிக்க நீளம் இருக்காது, உச்சியில் இருந்தால் மிதித்தாலும் நகராது. வலது பாதத்தை வையுங்கள். தூரத்தில் பார்வையை வையுங்கள். பிரேக்கை விட்டு, இடது காலால் தரையை உந்தி, அதே நேரத்தில் வலது காலால் அழுத்தி மிதியுங்கள்.

இப்போது இடது கால் காற்றில் இருக்கும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் குனிந்து இடது பெடலைத் தேடி விழுகிறார்கள். தேடாதீர்கள். நீங்கள்தான் ஐந்து நொடி உருளுவீர்களே, அந்த நேரம் போதும். பாதம் தானாகப் பெடலைக் கண்டுபிடிக்கும், கிடைக்காவிட்டால் உருண்டுவிட்டுக் காலை ஊன்றி நில்லுங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். சித்தி நான்காம் நாள் முழுக்க இந்த ஒரு மிதியை மட்டும்தான் செய்தார், மிதி, உருள், நில். ஐந்தாம் நாள் இரண்டாவது பெடலும் கிடைத்தது, தொடர்ந்து ஆறேழு சுற்று மிதித்தார்.

கியர் சைக்கிள் என்றால் நடுவாந்தரமான ஒரு கியரில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் விடுங்கள். மிகவும் லேசான கியரில் கால் சுற்றும், சைக்கிள் நகராது.

ஆறாவது: நிறுத்தக் காலைத் தேய்ப்பது, அல்லது ஒரே பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பது

தள்ளி உருளும் நாட்களில் காலை ஊன்றி நிறுத்தியே பழகியிருப்பீர்கள், அந்த வேகத்துக்கு அது சரி. பெடல் வந்த பிறகு அப்படிச் செய்தால் கணுக்கால் பிசகும், பெடல் கெண்டைக்காலில் வந்து அடிக்கும். இன்னொரு பக்கம், பயத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் உடம்பு முன்னால் தூக்கி எறியப்படும்.

சரிசெய்ய: முதலில் எது எந்தப் பிரேக் என்று உறுதி செய்யுங்கள். இங்கே பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக், ஆனாலும் நம்பிவிட வேண்டாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்து எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். முதல் நாள் நடக்கும்போதே, பத்தடிக்கு ஒரு தடவை இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். வரிசை இதுதான்: மிதிப்பதை நிறுத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்து, வேகம் நடை அளவுக்கு இறங்கியதும் ஒரு காலை இறக்கு. தரையில் ஒரு கோடு கிழித்து அதில் நிற்கப் பாருங்கள். கோட்டுக்கு ஒரு முழம் முன்பின் நிற்க முடிகிற வரை தெருவுக்குப் போக வேண்டாம்.

ஏழாவது: திரும்பும்போது ஹேண்டிலை மட்டும் வெட்டுவது

நேராகப் போக வந்துவிட்டால் மைதானம் முடிகிற இடத்தில் திரும்பியாக வேண்டும். அங்கே பயந்து வேகத்தை முழுதாகக் குறைத்து, ஹேண்டிலை வெடுக்கென்று ஒடிப்பார்கள், சைக்கிள் நின்று சாய்ந்துவிடும். திருப்பத்துக்கு முன்னாலேயே கொஞ்சம் வேகத்தைக் குறைத்துவிட்டு, தலையைத் திருப்பி போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், பெரிய வட்டமாகப் போங்கள். உள்பக்கத்துப் பெடல் மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் சாயும்போது தரையில் இடிக்கும். முதலில் மைதானத்தின் அகலம் முழுக்க ஒரு வட்டம், அது வந்ததும் சுருக்கிக்கொண்டே வாருங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் சுலபமாக வரும், வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள், இல்லையென்றால் தெருவில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டிய சந்தெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிடும்.

தெருவுக்கு வருவதற்கு முன் இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கவும், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் சைக்கிள் வளையாமல் வர வேண்டும். முதலில் விரல்களை மட்டும் தூக்குங்கள், அப்புறம் கையைத் தொடையில் வையுங்கள், அப்புறம் நீட்டுங்கள். சித்திக்கு இதற்கு மட்டும் இன்னும் ஒன்றரை வாரம் ஆனது.

கடைசியாக, இறக்கிய சீட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த சீட்டில் தினமும் ஓட்டினால் முழங்கால் வலி வரும், பலர் அதைச் சைக்கிள் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். சரளமாக ஓட்ட வந்த பிறகு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு விரல் அகலம் மட்டும் உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் நிறுத்த வேண்டிய உயரம். அப்போது உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படியாது, நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டியிருக்கும். சீட் கம்பியில் இதற்குமேல் தூக்காதே என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியக் கூடாது.